கூடாது என்பதும் வேண்டாம் என்பதும்

தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையில், போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் அருகே மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் பொட்டிப்புரம். நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது நாளேடுகளில் அடிபட்ட பெயர் அது. அவ்வூரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலைத்தொடருக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. அங்கே ஏலத்தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து நாள்தோறும் விடியுமுன் ஜீப்புகள் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலையேறுகின்றன. களையெடுப்பு, காய்பறிப்பு ஆகியவற்றோடு பூச்சிக்கொல்லி தெளிப்பதும் அவர்களுடைய வேலைகளுள் ஒன்று.

தோட்டத்து நஞ்சுப் புட்டி கேரளத்துக் கடையில் வாங்கப்பட்டது. அதனோடு மடித்து வைக்கப்பட்டிருக்கும் விளக்கச்சீட்டில் ஆங்கிலமும் இந்தியும் மலையாளமும் இருக்கும். தெளிக்கும் கைகளோ தமிழ் பேசுபவருடையவை. அண்மைக் காலமாக அசாம், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் அத்தோட்டங்களில் வேலை செய்கின்றனர். ஒரே புட்டியைச் சுற்றி ஐந்தாறு மொழிகள் நிற்கின்றன. புட்டிக்குள் இருக்கும் பொருள் எல்லா மொழியினருக்கும் ஒரே அளவில்தான் தீங்கு செய்கிறது. ஆகவே அதைப் பற்றிய எச்சரிக்கையும் எல்லா மொழியிலும் ஒரே அளவில் கடுமையாக இருத்தல் வேண்டும். எளிதாகத் தோன்றும் இப்பணி எங்கெங்கே வழுக்குகிறது என்பதை அறிய, தமிழின் இலக்கணத்துக்குள்ளேயே சற்று நுழைய வேண்டியிருக்கிறது.

சட்டம் பிறந்த கதை

1958ஆம் ஆண்டு கேரளத்தில் கோதுமை மாவு உணவை உண்டவர்கள் திடீரென்று நோயுற்று வீழ்ந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவு வந்த கப்பலில் பாரத்தியான் என்னும் கடும் பூச்சிக்கொல்லியும் ஏற்றப்பட்டிருந்தது. அது கசிந்து மாவு மூட்டைகளில் ஊறியிருந்தது. இந்நிகழ்வை ஆராய நீதிபதி ஷா தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக வந்ததே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். அதன்கீழ் வகுக்கப்பட்ட 1971ஆம் ஆண்டு விதிகள், ஒவ்வொரு புட்டியோடும் ஒரு விளக்கச்சீட்டு இருக்க வேண்டும் என்கின்றன. எந்தப் பூச்சிக்கு எவ்வாறு பயன்படுத்துவது, நஞ்சேறியதன் அறிகுறிகள் யாவை, முதலுதவி என்ன, மாற்றுமருந்து எது, காலிப் புட்டியை என்ன செய்வது என்பன அதில் அச்சிடப்பட வேண்டியவை.

மொழியைப் பற்றியும் விதி பேசுகிறது. இந்தியிலும் ஆங்கிலத்திலும், பொருள் இருப்பு வைக்கப்படும், விற்கப்படும் அல்லது வழங்கப்படும் பகுதியில் புழங்கும் ஓரிரு வட்டார மொழிகளிலும் சீட்டு அச்சிடப்பட வேண்டும். நல்ல விதிதான். ஆயினும் அது பெட்டி செல்லும் இடத்தைப் பார்க்கிறதேயன்றித் தெளிப்பவரின் தாய்மொழியைப் பார்ப்பதில்லை. பள்ளத்தாக்கிலிருந்து மலையேறும் தொழிலாளிக்கு இந்த இடைவெளி மிகப் பெரியது. நெடுங்கண்டத்தில் விற்கும் புட்டியில் தமிழையும் சேர்ப்பதற்கு விதி தடையாக இல்லை. ஓரிரு மொழிகள் என்றுதான் அது சொல்கிறது. அந்த இரண்டாவது இடத்தைத் தமிழுக்குக் கொடுப்பது நிறுவனங்களின் கையில் உள்ளது.

சொல் ஒன்று, பொருள் இரண்டு

தமிழை அச்சிட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? பெரும்பாலான பிழைகள் அதன் பின்னரே தொடங்குகின்றன. ஏலத்தோட்டத்தில் பயன்படும் ஒரு பூச்சிக்கொல்லியை எடுத்துக்கொள்ளலாம். அது கரிமப் பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தது. பெட்ரோலிய எண்ணெய்க் கரைப்பானில் கரைக்கப்பட்டு, நீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் திரவம். இத்தகைய பொருளை ஒருவர் விழுங்கிவிட்டால் அவரை வாந்தியெடுக்கச் செய்யக் கூடாது. வயிற்றிலிருந்து மேலேறும் எண்ணெய் மூச்சுக்குழாயில் புகுந்து நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். ஆனால் ஊரில் பரம்பரையாகச் செய்யும் முதலுதவி இதற்கு நேர்மாறானது. நஞ்சு குடித்தவருக்கு உப்புநீரோ சோப்புநீரோ புகட்டி வாந்தியெடுக்க வைப்பதே வழக்கம். ஆகவே சீட்டிலுள்ள அந்த ஒரு வரி, கிராமத்தின் பழக்கத்தை எதிர்த்து நிற்க வேண்டிய வரி.

அவ்வரியைத் தமிழில் எழுதுபவர் பெரும்பாலும் ‘வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்’ என்று எழுதிவிடுகிறார். பணிவான தொடர், காதுக்கும் இனிமை. சிக்கல் ‘வேண்டாம்’ என்னும் சொல்லில் உள்ளது. ‘எனக்குக் காப்பி வேண்டாம்’ என்பதில் அது தேவையின்மையைக் குறிக்கிறது. ‘அங்கே போக வேண்டாம்’ என்பதில் தடையைக் குறிக்கிறது. பதற்றத்தில் இருக்கும் ஒருவர் இவ்வரியை ‘வாந்தி எடுக்க வைப்பது அவசியமில்லை’ என்று படித்துவிட்டு, செய்தாலும் தீங்கில்லை என்று உப்புநீரைத் தேடலாம். ‘வாந்தி எடுக்க வைக்கக் கூடாது’ என்பதில் இந்த இருபொருள் இல்லை. கூடாது என்பது தடை ஒன்றையே குறிக்கும். ஆகவே விளக்கச்சீட்டில் தடை வரும் இடங்கள் அனைத்திலும் ‘கூடாது’ என்னும் சொல்லே வரவேண்டும். தேவையின்மையைச் சொல்ல நேர்ந்தால் ‘தேவையில்லை’ என்று எழுதவேண்டும். ‘வேண்டாம்’ என்பதை அடியோடு விலக்கிவிடுவதே நலம். ஒரே சொல் மீண்டும் மீண்டும் வருவது உரைநடைக்கு அழகன்று என்று பள்ளியில் கற்பிக்கப்படுகிறது. நஞ்சுப் புட்டிக்கு அந்தப் பாடம் பொருந்தாது.

இதனினும் நுட்பமானது ‘லாம்’ என்னும் ஈறு. ‘நாளை மழை வரலாம்’ என்பதில் அது நிகழக்கூடிய தன்மையைக் குறிக்கிறது. ‘நீ உள்ளே வரலாம்’ என்பதில் இசைவைக் குறிக்கிறது. ‘இரண்டு முறை தெளிக்கலாம்’ என்று எழுதினால் இசைவு. ‘கண்பார்வை மங்கலாம்’ என்றால் நிகழ்வாய்ப்பு. இரண்டும் ஒரே சீட்டில் அடுத்தடுத்து வரும்போது, எச்சரிக்கை தன் கூர்மையை இழக்கிறது. ஆங்கில மூலம் ‘விழுங்கினால் உயிர்போகும்’ என்று அடித்துச் சொல்லும் இடத்தில், தமிழில் ‘உயிரிழப்பு ஏற்படலாம்’ என்று மென்மையாக்கிவிடுவதும் உண்டு. மொழிபெயர்ப்பாளரின் நாகரிகம் அங்கே நஞ்சின் வீரியத்தைக் குறைத்துக் காட்டிவிடுகிறது.

வியங்கோள் வினைமுற்றையும் நோக்கவேண்டும். வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய நான்கு பொருளிலும் அது வரும் என்பது இலக்கணம் பயின்றோர் அறிந்ததே. இன்றைய வழக்கில் ‘அணியவும்’, ‘கழுவவும்’ என்னும் வடிவங்கள் அதன் வேலையைச் செய்கின்றன. ‘செருப்பை வெளியே விடவும்’ என்பதும் ‘கையுறை அணியவும்’ என்பதும் ஒரே தொனியில் ஒலிக்கின்றன. முன்னது வேண்டுகோள், பின்னது விதி. கட்டாயத்தைச் சொல்லுமிடத்தில் ‘கையுறை அணிந்த பின்னரே புட்டியைத் திறக்க வேண்டும்’ என்று எழுதினால், செயலும் அதன் வரிசையும் கட்டாயமும் மூன்றும் சேர்ந்து வந்துவிடுகின்றன.

அறிகுறிப் பகுதியில் வழுக்கும் சொல் ‘மயக்கம்’. வெயிலில் நின்றவருக்குத் தலை சுற்றினாலும் மயக்கம். நினைவிழந்து கிடந்தாலும் மயக்கம். கரிமப் பாஸ்பரஸ் நஞ்சில் இவ்விரண்டும் வெவ்வேறு கட்டங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது என்பது முதலுதவியின் விதி. அதை ‘மயக்கமுற்றவருக்கு’ என்று எழுதினால் விதி யாருக்கு என்பது தெளிவாவதில்லை. ‘தலைசுற்றல்’ என்றும் ‘நினைவிழத்தல்’ என்றும் பிரித்து எழுத வேண்டும். அவ்வாறே கண்ணின் கருமணி ஊசிமுனைபோல் சுருங்குவது இந்நஞ்சின் தனி அடையாளம். ‘கண் சுருங்குதல்’ என்று எழுதிவிட்டால் வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொள்வதாகவே படிப்பவர் எண்ணுவார்.

மேலே கண்ட சொற்களைவிடப் பழமையான சிக்கல் ஒன்று ஊர்ப்பேச்சிலேயே இருக்கிறது. பள்ளத்தாக்கில் எவரும் பூச்சிக்கொல்லி என்று சொல்வதில்லை. ‘மருந்து’ என்றே சொல்கிறார்கள். தெளிப்பதை ‘மருந்தடித்தல்’ என்கிறார்கள். நோயாளி குடிப்பதும் மருந்து, கொடியில் அடிப்பதும் மருந்து. விளக்கச்சீட்டில் ‘மாற்றுமருந்து’ என்று வேறு ஒன்று வந்து சேர்கிறது. சீட்டு ஊர்ச்சொல்லை ஒதுக்கினால் படிப்பவர் அந்நியப்படுவார். அதையே எங்கும் பயன்படுத்தினால் அச்சம் குறையும். புட்டியில் உள்ளதை ஒரே ஓர் இடத்தில் ‘பூச்சிமருந்து எனப்படும் இந்த நஞ்சு’ என்று அறிமுகப்படுத்திவிட்டு, அதன்பின் ‘நஞ்சு’ என்றே தொடர்வது தக்க வழி. மாற்றுமருந்தாகிய அட்ரோபினை மருத்துவர் மட்டுமே செலுத்த வேண்டும் என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

நிறமும் எண்ணும்

எழுத்தறியாதவருக்காகச் சாய்சதுரம் ஒன்று சீட்டில் இடம்பெறுகிறது. அதன் கீழ்ப்பாதி மிகக் கொடிய நஞ்சுக்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், அதற்கும் அடுத்ததற்கு நீலம், கடைசிப் படிக்குப் பச்சை என்று நிறமூட்டப்பட்டிருக்கும். மேற்பாதியில் எச்சரிக்கைச் சொல் இருக்கும். முதலிரண்டு படிகளுக்கும் ‘நஞ்சு’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல். மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் தனித்தனிச் சொற்கள். தமிழில் இவற்றை ‘அபாயம்’, ‘ஆபத்து’, ‘எச்சரிக்கை’ என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் எழுதினால், படிகளின் ஏற்றத்தாழ்வு அழிந்துவிடும். அபாயம் பெரிதா, ஆபத்து பெரிதா என்று எந்தத் தமிழரும் சொல்ல இயலாது. பச்சை நிறம் இன்னொரு மயக்கத்தைத் தருகிறது. உணவுப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி சைவத்தைக் குறிக்கிறது. சாலையில் பச்சை விளக்கு செல்லலாம் என்கிறது. நஞ்சுப் புட்டியின் பச்சையோ ‘மற்றவற்றைவிடக் குறைந்த நஞ்சு’ என்று மட்டுமே சொல்கிறது. ‘பாதுகாப்பானது’, ‘தீங்கற்றது’ போன்ற சொற்களை ஒட்டுச்சீட்டில் எழுதுவதையே விதிகள் தடைசெய்கின்றன. ‘சொன்னபடி பயன்படுத்தினால்’ என்னும் நிபந்தனையோடு எழுதினாலும் அது குற்றமே. விற்பனைக்கு உதவும் என்று மொழிபெயர்ப்பாளர் இடையில் செருகும் ஒரு நல்ல சொல் சட்டத்தை மீறிவிடக்கூடும்.

எண்கள் மொழிக்கு அப்பாற்பட்டவை என்று கருதுவதும் பிழை. ஓர் எடுத்துக்காட்டு: ஹெக்டேருக்கு 1000 மி.லி. நஞ்சை 500 லிட்டர் நீரில் கலக்க வேண்டும் என்று மூலம் சொல்வதாகக் கொள்வோம். லிட்டருக்கு 2 மி.லி. என்றாகிறது, 10 லிட்டர் கொள்ளும் தெளிப்பானுக்கு 20 மி.லி. போதும். ஹெக்டேர் என்பது தமிழ் உழவருக்குப் பழகாத அளவு. ஏக்கரும் சென்ட்டுமே புழக்கத்தில் உள்ளவை. மொழிபெயர்ப்பாளர் அலகை மட்டும் ‘ஏக்கர்’ என்று மாற்றி எண்ணை அப்படியே விட்டுவிட்டால் என்ன நேரும்? ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஏறத்தாழ இரண்டரை மடங்கு நஞ்சு அந்த ஏக்கரில் இறங்கும். திராட்சைப் பந்தலில் இது இன்னும் கொடிது. 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, தலைக்கு மேலே பந்தலில் படர்வது. அண்ணாந்து தெளிக்கையில் துளிகள் தெளிப்பவர் முகத்திலேயே திரும்ப விழுகின்றன. ஆகவே சீட்டில் மூன்று அளவுகளையும் எழுதிவிடுவது நல்லது: லிட்டருக்கு இவ்வளவு, 10 லிட்டர் தெளிப்பானுக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு. மூன்றையும் ஒருவரே கணக்கிட்டு, மற்றொருவர் தனியே கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். மூடியால் அளந்து ஊற்றும் பழக்கம் ஊரில் இருப்பதால், மூடி எத்தனை மி.லி. கொள்ளும் என்பதையும் அச்சிடலாம். ஆனால் புட்டியின் அளவு மாறும்போதெல்லாம் மூடியும் மாறும் என்பதை அச்சிடுவோர் மறந்துவிடுகின்றனர்.

அண்டை மொழியின் கண்ணி

மலைக்கு இருபுறமும் வாழும் பலருக்குத் தமிழும் மலையாளமும் ஓரளவு தெரியும். அந்த ‘ஓரளவு’தான் இடறும் இடம். இருமொழியும் பேசும் ஒருவரிடம் ‘இரண்டையும் நீயே பார்த்துக்கொள்’ என்று அச்சகம் ஒப்படைத்துவிடுவது இயல்பு. ‘பனி’ என்பது தமிழில் அதிகாலைப் பனி; மலையாளத்தில் காய்ச்சல். ‘பனி இருக்கும்போது தெளிக்கக் கூடாது’ என்னும் தமிழ்த் தொடரைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், காய்ச்சலுள்ளவர் தெளிக்கக் கூடாது என்று மலையாளத்தில் பொருள்படும். தடை ஒன்று மறைந்து வேறொரு தடை அங்கே முளைத்துவிடும்.

‘கழிக்க’ என்னும் சொல் இதைவிடக் கொடிய கண்ணி. தமிழில் கழிப்பது என்றால் நீக்குவது, அப்புறப்படுத்துவது. மலையாளத்தில் அதே ஒலியுள்ள சொல் உண்பதைக் குறிக்கும். மாத்திரை விழுங்குவதற்கும் அவர்கள் அதையே சொல்கிறார்கள். ‘எஞ்சியதைக் கழிக்கவும்’ என்று தமிழில் எழுதப்பட்ட வரி மலையாளப் பேச்சுக்குப் பழகிய காதில் எப்படி விழும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. இரு மொழியினரும் சேர்ந்து வேலை செய்யும் தோட்டத்தில், ஒருவர் படித்துச் சொல்ல மற்றவர் கேட்டுச் செய்வதே நடைமுறை. ஆகவே எல்லைப் பகுதிக்கான தமிழ்ச் சீட்டில் ‘கழி’ என்னும் வினையைத் தவிர்த்துவிட்டு, செயலைப் பிரித்து எழுதுவது தக்கது: காலிப் புட்டியை மூன்று முறை நீரூற்றிக் குலுக்கி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்ற வேண்டும், புட்டியை உடைத்து, குடியிருப்புக்குத் தொலைவில் புதைக்க வேண்டும், வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது.

ஒத்துப் பார்க்கும் முறை

பிழைகளை எவ்வாறு கண்டுபிடிப்பது? மொழிபெயர்ப்பை மூலத்தைப் பாராத இன்னொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றுவதும், இரண்டையும் ஒப்பிடுவதும் பரவலாகக் கையாளப்படும் முறை. எண் தவறியதும் வரி விடுபட்டதும் இதில் உடனே தெரியும். ஆனால் ‘வேண்டாம்’ போன்ற இருபொருள் தெரிவதில்லை. மீள்மொழிபெயர்ப்பாளர் அறிவுள்ளவராக இருப்பதே அதற்குக் காரணம். நஞ்சுச் சீட்டு என்று அறிந்தவுடன் அவர் சரியான பொருளைத் தாமே தேர்ந்துகொள்கிறார். மூலத்தோடு அது பொருந்திவிடுகிறது. பிழை அப்படியே அச்சேறுகிறது.

அதனால் இறுதிச் சோதனை தெளிப்பவரிடமே நடக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் மருந்துப் பெட்டிக்குள் வரும் சீட்டை அச்சிடுமுன் பொதுமக்கள் இருபது பேரிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முதன்மைக் கேள்விக்கும் குறைந்தது பதினாறு பேராவது விடையைச் சீட்டில் கண்டுபிடித்துச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள அளவுகோல். பள்ளத்தாக்கிலும் அவ்வாறு செய்ய இயலும். கேள்வி கேட்கும் விதத்தில்தான் நுட்பம் இருக்கிறது. ‘இது புரிகிறதா?’ என்று கேட்டால் மரியாதைக்காகவேனும் ‘புரிகிறது’ என்ற விடையே வரும். ‘பக்கத்து வரிசையில் தெளித்துக்கொண்டிருந்தவர் இதைக் கொஞ்சம் குடித்துவிட்டார், முதலில் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும். ஒருவர் உப்புநீர் என்றால் அவ்வரி தோற்றுவிட்டது, படித்தவர் தோற்கவில்லை. ‘மருத்துவரை அழைக்கவும்’ என்ற வரியும் இத்தகைய சோதனையில் தோற்கக்கூடியதே. தோட்டத்துக்கு எந்த மருத்துவரும் வரமாட்டார் என்பது அங்குள்ளோர் அனைவருக்கும் தெரியும். ‘இந்தச் சீட்டையும் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு, அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்’ என்பதே செய்யத்தக்க கட்டளை. சொல்லுக்குச் சொல் நோக்கினால் இது மூலத்திலிருந்து விலகியது. செயலில் மூலத்தின் நோக்கத்தை அதுவே நிறைவேற்றுகிறது.

அச்சகத்தில் நேரும் பிழைகளைச் சுருக்கமாகச் சொன்னாலே போதும். தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வரியின் கடைசிச் சொல்லாக நிற்கிறது. சிறிய சீட்டில் ‘வாந்தி எடுக்க வைக்கக்’ என்று ஒரு மடிப்பில் முடிந்து, ‘கூடாது’ மறு மடிப்பில் விழுந்தால், முதல் மடிப்பை மட்டும் பார்ப்பவருக்கு ஆணை தலைகீழாகிவிடும். தடைச் சொல் வரி பிளவுபடாமல் அதே வரியில் அமைய வேண்டும் என்று அச்சுக் கோப்பவருக்கு எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பழைய எழுத்துருவிலிருந்து புதியதற்கு மாற்றும்போது காலும் கொம்பும் புள்ளியும் உதிர்வதும் வழக்கம். மொழி தெரியாத ஊரில் அச்சாகும் சீட்டில் அதைக் காண ஆளிருக்காது.

ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறையும் புதிதாக மொழிபெயர்ப்பதே இத்தனைக்கும் வேர். ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தவிர்க்க வேறு வழி கண்டிருக்கிறது. ‘விழுங்கினால் உயிர்போகும்’, ‘விழுங்கினால் நஞ்சு’, ‘விழுங்கினால் தீங்கு’ என்று படிப்படியாக இறங்கும் எச்சரிக்கைத் தொடர்களுக்கு எச் 300, எச் 301, எச் 302 என்று எண்கள் உண்டு. ஒன்றியத்தின் அலுவல்மொழிகள் அனைத்திலும் அத்தொடர்கள் சட்டத்தின் பின்னிணைப்பிலேயே அச்சிடப்பட்டுள்ளன. நிறுவனம் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் போதும். சொற்களை மாற்ற அதற்கு உரிமையில்லை. இந்தியாவிலும் பூச்சிக்கொல்லியைப் பதிவு செய்யும்போதே சீட்டின் வாசகம் பதிவுக் குழுவின் முன் வைக்கப்படுகிறது. அந்த இடத்திலேயே தமிழ், மலையாளம், அசாமியம் முதலிய மொழிகளில் நூறு எச்சரிக்கைத் தொடர்களை ஒருமுறை ஆய்ந்து நிலைப்படுத்திவிட்டால், பிறகு வரும் எல்லாப் புட்டிகளுக்கும் அவையே பயன்படும். அத்தொடர்களை வகுக்கும் குழுவில் மொழியறிஞரோடு நச்சியல் மருத்துவரும், பந்தலுக்குக் கீழே நின்று தெளித்த அனுபவமுள்ள ஒருவரும் அமர வேண்டும். இது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று.

இன்னொரு மாற்றமும் தேவை. ஏலத்தோட்டங்களில் நஞ்சை மேற்பார்வையாளர் பெரிய பீப்பாயில் கலக்கிறார். தொழிலாளி நீண்ட குழாயின் முனையைப் பிடித்துத் தெளிக்கிறார். புட்டியை அவர் பார்ப்பதேயில்லை. சீட்டு கிடங்கிலோ முதலாளியின் மேசையிலோ கிடக்கிறது. 2017ஆம் ஆண்டு மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குத் தெளித்தபோது நஞ்சேறி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். நஞ்சேறியவர்களுள் கூலிக்குத் தெளித்தோர் பலர். ஆகவே சீட்டின் ஒரு பகுதியைக் கிழித்தெடுக்கத்தக்கதாக அமைத்து, தெளிப்பவருக்கு மட்டும் தேவையான ஐந்தாறு வரிகளை அதில் அச்சிட வேண்டும்: அணிய வேண்டியவை, காற்று வீசும் திசை, உண்ணவும் புகைக்கவும் கூடாத நேரம், முதல் அறிகுறி, விழுங்கினால் செய்யக் கூடாதது, சீட்டோடு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியது. அதைப் பீப்பாயில் ஒட்டலாம். குழாய் பிடிப்பவரின் சட்டைப்பையிலும் வைக்கலாம். எந்தெந்த மொழியில் அது வேண்டும் என்பதை விடியற்காலையில் போடிமெட்டில் ஏறும் ஜீப்புகளைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.